கைகட்டி பயந்த கதை

எஞ்சின் சோதனைக் கூடத்தில் அவருக்குக் கைகட்டி என்று பெயர். செத்த பறவைகளைக் காற்றழுத்தத் துப்பாக்கியில் அடைத்து, முழு வேகத்தில் ஓடும் விமான எஞ்சினுக்குள் சுடுவதுதான் அங்கே வேலை. கூட்டமாகப் பறக்கும் பறவைகளுக்கான சோதனையில், சுட்ட பிறகு இரண்டு நிமிடம், எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்பியைத் தொடக்கூடாது. அடி வாங்கிய எஞ்சின் தன் பலத்திலேயே தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிதாக வந்தவர்களுக்குக் கை பரபரக்கும். இவரோ கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். வீட்டிலும் இதே கைகட்டல்தான் என்று மனைவி இடித்துக்காட்டுவாள். பயமா, அது என்ன விலை என்று கேட்கிற ஆள்.

மகளைப் பார்க்க இருவரும் விமானம் ஏறினார்கள். ஜன்னல் இருக்கை அவருக்கு, இடது இறக்கைக்குச் சற்று முன்னால். தரையை விட்டு எழும்பியதும் நீண்ட கழுத்து ஒன்று கண்ணில் பட்டது. நாரை. அடுத்த நொடி இடது எஞ்சினில் வெடி வெடித்தது மாதிரி ஒரு சத்தம். பிறகு தொம் தொம்மென்று விடாமல் இடி. விமானம் முழுக்க அதிர்ந்தது. உள்ளே கருகிய இறைச்சி நாற்றம்.

மற்றவர்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். இவ்வளவு பெரிய பறவையை விழுங்கினால் எஞ்சின் ஓடியே தீர வேண்டும் என்று எந்தச் சோதனையும் கேட்பதில்லை. வெடித்துச் சிதறாமல், தீப்பிடித்துப் பரவாமல், பத்திரமாக அணைக்க முடிந்தால் போதும். மற்ற எஞ்சின் கரை சேர்க்கும். ஆனால் விமானிகள் பதறி, அந்த நல்ல எஞ்சினை அணைத்துவிட்டால்?

"ஏங்க, நீங்க சோதிக்கிறதுதானே இது? ஓடும்ல?" என்றாள் மனைவி.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விமானம் ஏறிக்கொண்டேயிருந்தது. முதலில் உயரம், பிறகுதான் எஞ்சின் என்பது விமானிகளின் விதி. எது கெட்டது என்று இரண்டு விமானிகளும் ஒருவரிடம் ஒருவர் கேட்டு உறுதி செய்யாமல் கை வைக்க மாட்டார்கள் என்று படித்திருக்கிறார். படித்தது வேறு, இப்போது உயிர் அவர்கள் கையில்.

திடீரென்று இடி அடங்கியது. எஞ்சின் நின்றுவிட்டதென்று பின்னால் யாரோ அழ ஆரம்பித்தார்கள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வலது பக்கம் காது கொடுத்தார். அங்கே சீரான இரைச்சல்.

"சரியானதைத்தான் அணைச்சிருக்காங்க," என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

ஒற்றை எஞ்சினில் திரும்பி வந்து இறங்கினார்கள். தீயணைப்பு வண்டிகள் சூழ்ந்து நின்றன.

அடுத்த வாரம் கூடத்து ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். மேலேயும் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாரா என்று சீண்டினார்கள். மனைவி வளையலை மேலே தள்ளி மணிக்கட்டைக் காட்டினாள். ஐந்து விரல் பதிந்து கன்றிய நீலத் தடம்.

"இறங்குற வரைக்கும் விடலை," என்றாள்.

அவர் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயந்துட்டேம்ப்பா," என்றார்.