அறுபதாம் வரிக்குக் கீழே மூன்று விளையாட்டுகள்

இதை எழுத மூன்று வருஷமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். கொப்பியை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், கிழித்துப் போடுவேன். வெட்கம் ஒரு காரணம். நாற்பத்தாறு வயதில், இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன், கணினி விளையாட்டுகளை வாங்கிச் சல்லியைக் கரைத்தேன் என்று சொல்வது லேசான காரியம் இல்லை. அதைவிடப் பெரிய காரணம், நடந்தது என்னவென்று எனக்கே இன்னும் முழுதாக விளங்கவில்லை. விளங்காததை எப்படி எழுதுவது? இப்போது எழுதுவதற்கு வேறொரு காரணம் வந்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வீடு கொட்டாஞ்சேனையில். வேலை ஒருகொடவத்தையில், ஒரு கன்டெய்னர் யாட்டில். வாசலில் இருந்துகொண்டு உள்ளே வரும் பெட்டி, வெளியே போகும் பெட்டி, லொறி நம்பர், நேரம் எல்லாம் கேற் புத்தகத்தில் பதிவது என் வேலை. சாதாரண தரம் வரைதான் படித்தேன். ஆனால் என் பதிவில் ஒரு நம்பர் பிழைத்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

மூத்தவளின் படிப்புக்காக ஒரு கணினி வாங்கினோம். அவள் படித்தாள். நான் விளையாடினேன். முதலில் ஒன்று, லொறி ஓட்டுகிற விளையாட்டு. பிறகு மலிவு விற்பனை வந்தது. எழுபது வீதம் கழிவு, எண்பது வீதம் கழிவு என்று கணினிக்குள் இருக்கும் விளையாட்டுக் கடை காட்டும்போது, வாங்காமல் விட்டால்தான் நட்டம் என்று தோன்றும். பத்து விளையாட்டை ஒரே கட்டாகக் கட்டி ஒரு விலைக்குக் கொடுப்பார்கள். அதில் எனக்கு வேண்டியது ஒன்றுதான் இருக்கும். பத்தையும் வாங்குவேன். வாங்கும்போது வருகிற சந்தோஷம் விளையாடும்போது வராது. வாங்கி முடிந்ததும் பழையபடி அந்த லொறியைத்தான் ஓட்டுவேன்.

ஒருநாள் என் மனைவி வங்கியில் இருந்து வந்த அட்டைக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இந்த டொலர் டொலரா போயிருக்கே, இதெல்லாம் அந்த கேம்தானே? மொத்தம் எத்தனை வச்சிருக்கீங்க?"

"இருபது இருக்கும்."

"எவ்வளவு சல்லி?"

எனக்குத் தெரியவில்லை. பெட்டி நம்பர் பிழைக்காமல் எழுதுகிறவனுக்கு அது தெரியவில்லை. அவள் சத்தம் போடவில்லை. கணக்கை மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

யாட்டில் கணக்குப் பகுதியில் ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளவத்தையில் குடியிருக்கிறார். அவருக்கும் இந்த விளையாட்டுப் பைத்தியம் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் மெல்லச் சொன்னேன்.

"ஐசே, பகல் முழுக்க லொறியைப் பாக்கிறீர், வீட்டை போயும் லொறியோ?" என்று சிரித்தார். பிறகு தன் போனைத் திறந்து காட்டினார். "நானும் உம்மை மாதிரித்தான் கிடந்தனான். இந்த ஷீட்தான் என்னை நிப்பாட்டினது. எல்லாத்தையும் எழுதும். ஒண்டையும் ஒளிக்காதையும்."

அதேபோல எனக்கும் ஒன்று செய்து தந்தார். மிகச் சாதாரண அட்டவணை. ஒரு விளையாட்டுக்கு ஒரு வரி. பெயர், வாங்கிய நாள், வங்கிக் கணக்கில் ரூபாயாகக் கழிந்த தொகை, விளையாடிய மணித்தியாலம், நிலைமை. நிலைமை என்ற இடத்தில் மூன்று சொல்லில் ஒன்றைத்தான் போடலாம்: தொடாதது, தொடங்கியது, முடித்தது. கட்டாக வாங்கியதை எப்படி எழுதுவது என்று கேட்டேன். முழு விலையையும் ஒரு வரியில் போட்டு, மற்றவற்றுக்குப் பூச்சியம் போடச் சொன்னார். ஆனால் பத்துக்கும் பத்து வரி வேண்டும், இல்லாவிட்டால் தொடாதது எத்தனை என்று தெரியாது என்றார்.

நான் ஐம்பத்தேழு வரி எழுதினேன். இருபது என்று சொன்னவன். அவர் ஷீட்டின் தலையில் இரண்டு இலக்கம் வரும்படி செய்து தந்தார். மொத்தச் செலவு 186,450. தொடாதது 39.

அன்று பின்னேரம் அதை என் மனைவியிடம் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"முப்பத்தொம்பது தொடவே இல்லையா? சமைச்சுக் கொட்டுற மாதிரி இல்லையா இது?"

"ஓம்."

"சரி. உங்களுக்காக அந்தோனியாருக்கு ஒம்பது செவ்வாய் நவநாள் ஜெபத்துக்குப் போறேன். நீங்க ஒண்டும் செய்ய வேணாம். மேல இருக்கிற இந்த இலக்கத்தை ஏத்தாம இருங்க. அவ்வளவுதான்."

வாக்குக் கொடுத்தேன். அவள் தன் ஜெபப் புத்தகத்தின் கடைசித் தாளில் 186,450 என்று எழுதிக்கொண்டாள். ஒவ்வொரு செவ்வாயும் அந்தோனியார் கோவிலுக்குப் புறப்படுமுன் என் போனை வாங்கி, தலையில் உள்ள இலக்கத்தை மட்டும் பார்ப்பாள். தாளில் மீண்டும் அதே இலக்கத்தை எழுதுவாள்.

முதல் மூன்று கிழமை உண்மையாகவே நின்றேன். பழையதில் ஒவ்வொன்றாக எடுத்து விளையாடினேன். தோட்டம் செய்கிற ஒன்று நன்றாகவே இருந்தது. மூன்று வருஷம் தொடாமல் வைத்திருந்தேனே என்று வருந்தினேன். தொடாதது 39 இல் இருந்து 37 ஆனது.

நாலாம் கிழமை விற்பனை வந்தது. இரண்டு வாங்கினேன். ஒன்று 1,150, மற்றது 2,380. ஆனால் ஒளிக்கவில்லை. வங்கியில் சல்லி கழிந்த அன்றே ஷீட்டில் கடைசி வரிக்குக் கீழே இரண்டு வரி எழுதினேன். யாட்டுப் புத்தகத்தில் எழுதுவதுபோல, முடிந்த இடத்துக்குக் கீழே. செவ்வாய்க்கிழமை அவள் பார்க்கட்டும், ஏசட்டும் என்று போனை நானாகவே நீட்டினேன்.

அவள் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "கர்த்தரே" என்று மட்டும் சொன்னாள். 186,450 என்று எழுதினாள்.

நான் போனைத் திருப்பி வாங்கிப் பார்த்தேன். தலையில் அதே இலக்கம். கீழே நான் எழுதிய இரண்டு வரியும் அப்படியே இருந்தன. வங்கி சல்லியைத் திருப்பி அனுப்பிவிட்டதா என்று பார்த்தேன், இல்லை. முதலில் எழுதியதில் ஏதாவது பிழையாய்க் கூடியிருந்து, இப்போது சரியாகிவிட்டதா என்று யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் நான் நினைத்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அந்தோனியார் எனக்காக மறைத்துவிட்டார் என்று நினைத்தேன். என் மனைவியின் மனம் உடையக்கூடாது என்று அவர் அந்த இலக்கத்தைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று. பயமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. அந்த ஆறுதலில்தான் எட்டாம் செவ்வாய் முடிந்த மறுநாள் மூன்றாவதையும் வாங்கினேன். 940 ரூபாய். அதையும் எழுதினேன். இலக்கம் அசையவில்லை.

ஒன்பதாம் செவ்வாய்க்கு முதல்நாள் காலை அவள் ஒரு துண்டுக் காகிதம் காட்டினாள். கோவில் பெட்டியில் போட்டால் நவநாள் பூசையில் வாசிக்கும் நன்றிச் சீட்டு. 'என் கணவர் ஒன்பது கிழமை வாக்குக் காத்ததற்காக' என்று எழுதியிருந்தாள். பெயர் இல்லை. ஆனால் சீட்டுகளை எடுத்து வாசிப்பவர்களில் அவள் கையெழுத்தைத் தெரியாதவர் யார்?

அன்றே யாட்டில் வெள்ளவத்தைக்காரரிடம் போனைக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அந்தோனியார் விஷயத்தைச் சொல்லவில்லை. அவர் தலையில் இருந்த இலக்கத்தைத் தொட்டார். அதற்குள் ஒளிந்திருந்த கட்டளை தெரிந்தது.

"இஞ்ச பாரும். நாலாம் வரியில இருந்து அறுபதாம் வரி மட்டும்தான் கூட்டச் சொல்லிக் கிடக்கு. மேல மூண்டு வரி தலைப்பு, அண்டைக்கு உமக்கு மிச்சம் ஐம்பத்தேழுதானே இருந்தது. நீர் அறுபத்தொண்டில எழுதியிருக்கிறீர். அது எப்படிக் கூடும்?"

"கீழ எழுதினா கூடாதா?"

"இது உம்மட கேற் புத்தகமில்லை, காணும். என்ர பிழையும்தான். கீழ வாறதையும் சேர்த்துப் போட்டிருக்க வேணும்." இரண்டு இலக்கத்தின் கட்டளையையும் அறுபதில் நிற்காமல் கீழே கடைசி வரை போகும்படி மாற்றினார். மொத்தம் 190,920 ஆனது. தொடாதது அதற்குள் 35க்கு இறங்கியிருந்தது. அது ஒரேயடியாக 38 ஆனது. ஒன்பது கிழமையில் நான் உண்மையாகக் குறைத்தது ஒன்றே ஒன்று.

"கடைசியா வாங்கினதைத் தொட்டீரோ?"

"இல்லை."

"அப்ப திருப்பிக் குடும். ரெண்டு கிழமைக்குள்ள, ரெண்டு மணித்தியாலத்துக்குக் குறைய விளையாடியிருந்தா அந்தக் கடை எடுக்கும். மற்ற ரெண்டுக்கும் நாள் கடந்திட்டுது."

முதலில் திருப்பிக் கொடுத்துவிட்டு, குறைந்த இலக்கத்தை அவளிடம் காட்டலாமே என்று ஒரு யோசனை வந்தது. ஏனோ விரல் போகவில்லை.

மறுநாள், சீட்டு எழுதியாகிவிட்டதே என்று அவள் போனைக் கேட்காமலே புறப்பட, கோவிலுக்கு நடந்து போனோம். வாசலில் மெழுகுதிரி விற்கிற பெண் என் மனைவியைக் கண்டதும், "கீயக் ஓனத, நோனா?" என்று எத்தனை வேண்டுமெனச் சிங்களத்தில் கேட்டாள். அவள் "தெகய்" என்று இரண்டு வாங்கினாள். சீட்டு ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது. அந்த இடத்தில்தான் போனைக் கொடுத்தேன்.

"இலக்கம் ஏறிட்டுது. மூண்டு வாங்கினனான். கூட்டுற இடம் பிழைச்சதால உனக்குத் தெரியல்ல."

அவள் கீழே இறங்கி வரி வரியாகப் பார்த்தாள். நாள்களைப் பார்த்தாள்.

"நாலாவது கிழமையேவா?"

"ஓம்."

"அண்டைக்குப் போனை நீங்களாத்தானே நீட்டினீங்க."

"நீ பாத்து ஏசுவாய் எண்டுதான்."

"அப்ப ஒம்பது கிழமையும் நான் என்னத்துக்கு நன்றி சொல்லிக்கிட்டு இருந்தேன்?"

எனக்குத் தெரியவில்லை. அதையே சொன்னேன். மெழுகுதிரிக்காரி மீதிச் சல்லியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் மனைவி சீட்டை எடுத்து, மெழுகுதிரிக்காரியிடமே ஒரு பேனா வாங்கி, 'வாக்குக் காத்ததற்காக' என்பதை வெட்டினாள். அதற்கு மேலே 'உண்மை சொன்னதற்காக' என்று எழுதினாள். பிறகு அதையும் பார்த்துவிட்டு, பெட்டியில் போடாமல் மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டாள். இரண்டு திரியையும் கொளுத்தினாள். இரண்டாவது யாருக்காக என்று நான் கேட்கவில்லை. ஜெபப் புத்தகத்தின் கடைசித் தாளில் ஒன்பது தரம் எழுதிய இலக்கத்தின் கீழே 190,920 என்று எழுதி, "அடுத்த செவ்வாய் திரும்ப ஒண்டில இருந்து" என்றாள்.

வீடு திரும்பி மூன்றாவதைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வரியை அழிக்கவில்லை. தொகையைப் பூச்சியமாக்கி, நிலைமையில் 'திருப்பியது' என்று ஒரு நாலாவது சொல்லைச் சேர்த்தேன். 189,980, தொடாதது 37. இரண்டாவது நவநாளில் அந்த மொத்தம் ஏறவில்லை. அதற்குப் பிறகு ஏறியிருக்கிறது, இரண்டு தரம். இரண்டு தரமும் அவள் பார்த்தாள், ஏசினாள்.

இன்னும் எனக்கு விளங்காதது இதுதான். அந்த இலக்கம் முதல் விற்பனையிலேயே ஏறியிருந்தால் நான் ஏச்சு வாங்கி அடங்கியிருப்பேனா, அல்லது அவள் மனம் விட்டு நவநாளை நிறுத்தியிருப்பாளா? ஏறாமல் நின்றது எனக்கு உதவியா, கெடுதியா? ஒரு பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமியாரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "ஷீட்டை ஒழுங்காக வையுங்கள்" என்றார்.

எழுத வந்த காரணம் இது. என் மனைவி அந்த நவநாள் நாட்களில் சந்தோஷத்தில் சொன்னதை வைத்து, எங்கள் கோவில் பக்கத்தில் இந்தக் கதை இப்போது வேறு மாதிரி உலாவுகிறது. ஒன்பது கிழமை இலக்கம் அசையாமல் நின்ற புதுமை, அந்தோனியார் செய்த அற்புதம் என்கிறார்கள். கேட்டு, தங்கள் மகன்மாருக்காக என் மனைவியிடம் ஜெபிக்கச் சொல்லி வருகிறார்கள். அவள் ஜெபிக்கிறாள், ஆனால் வந்தவர்களிடம் அறுபதாம் வரியைப் பற்றியும் சொல்லித்தான் அனுப்புகிறாள். நீங்களும் யாருக்காவது இதைச் சொன்னால் அப்படியே சொல்லுங்கள். மூன்று வாங்கினேன், ஒன்றைத் திருப்பினேன், கூட்டல் அறுபதாம் வரியோடு நின்றிருந்தது. இதில் எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.