கனகா தொடாத சுவிட்ச்

கனகாவுக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவள் கணவர் மதிவாணன் இருபது வருடமாகச் சொல்லி வருகிறார். விடியலில் மாட்டைக் கறந்து, குத்தகை நிலத்துக்குச் சோறு கொண்டுபோய், நடுவில் மற்றவர் வயலில் களை பறித்து, மாலையானால் பிரபு வீட்டுக்கு வந்து வாசல் தெளிப்பாள். அந்த வீட்டுச் சாவி இரண்டு வருடமாக அவள் இடுப்பில்தான் இருந்தது.

பிரபு தஞ்சாவூரில் வேலை பார்த்தவன்; குடும்பத்தோடு அங்கேயே இருந்து லீவுக்குத்தான் ஊருக்கு வருவான். வீட்டை ஆசையாகக் கட்டி, வாசல் விளக்கு முதல் தோட்டத்துக் குழாய் வரை எல்லாவற்றையும் போனில் இணைத்திருந்தான். பொழுது சாய்ந்தால் வாசல் விளக்கு தானே எரியும், பொழுது விடிந்தால் தானே அணையும். இந்த மார்கழியில் மஸ்கட்டில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு கிளம்பியபோது, வாசல் சுவிட்சின் மேல் பளபளக்கும் டேப்பை ஒட்டி, அதில் தேதியும் கீறிவிட்டு, "கனகாக்கா, இத மட்டும் யாரும் தொடக்கூடாது. சுவர்ல ஆஃப் பண்ணிட்டா போன்லேருந்து ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொன்னான். கனகா தலையாட்டினாள். அன்றிலிருந்து அந்தச் சுவிட்ச் இருக்கும் சுவரைத் துடைக்கும்போதுகூட ஒரு சாண் தள்ளித்தான் துடைத்தாள்.

வினை பொங்கல் கழிந்து வந்தது. எதிர்வீட்டில் பிரபுவின் பெரியப்பா பஞ்சநதம் இருந்தார். ஓய்வுபெற்றவர். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவை மேய்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலையில்லை. அவர்தான் மஸ்கட்டுக்குப் போன் போட்டார். உன் வீடு விளக்கு வைக்கிற நேரத்தில் இருண்டு கிடக்கிறது, ஏழு மணிக்கு மேல்தான் எரிகிறது, காலையில் எட்டு தாண்டியும் வெயிலில் எரிகிறது என்றார்.

பிரபு ஆப்பைத் திறந்து பார்த்தான். விளக்கு எரிந்தது மாலை 5.45, அணைந்தது காலை 6.47 என்று பதிவு இருந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது. அப்படியென்றால் தப்பு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆள்மீதுதான். கனகாவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, வாசல் கழுவும்போது ஷாக் அடிக்கும்னு பயந்து சுவிட்ச ஆஃப் பண்றீங்களா? அப்புறம் மறந்துட்டு ராத்திரி போடுறீங்க. காலையிலயும் ஆஃப் பண்ணித் திரும்பப் போட்டா லைட்டு தானா எரிஞ்சிடும். பயமா இருந்தா சொல்லியிருக்கலாம்ல?"

"சாமி சத்தியமா நான் தொடல தம்பி. டேப்பு ஒட்டுன எடத்துல அப்படியே இருக்கு."

"டேப்ப பிரிச்சு ஒட்டலாமேக்கா." குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் கனகாவைச் சுட்டது. "அடுத்த வாரம் சாவிய பெரியப்பாகிட்ட குடுத்துடுங்க."

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அடுத்த நாளே பஞ்சநதம் வழியாகக் கடைத்தெருவில், "கனகா பொய் சொல்றாளாமே" என்று பேச்சு வந்துவிட்டது. மதிவாணன், "சாவியத் தூக்கிக் குடுத்துட்டு வா, நமக்கு எதுக்கு வம்பு?" என்றார்.

"இப்பக் குடுத்தா நான்தான் செஞ்சேன்னு ஆயிடும்" என்றாள் கனகா. திருடி என்று சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பாள். பொய் சொல்கிறாள் என்று, அதுவும் அவ்வளவு மரியாதையாகச் சொன்னது அவளுக்கு ஆறவே இல்லை. சோறு இறங்கவில்லை. அறுவடை வயலில் கட்டுத் தூக்கும்போதும் விளக்குதான் நினைவில் எரிந்தது.

அன்று முதல் மாலை ஆறு மணிக்கே வந்து வாசலில் நடக்கத் தொடங்கினாள். படியில் ஏறுவாள், இறங்குவாள், விளக்கைப் பார்ப்பாள், கையில் இருக்கும் போனில் மணி பார்ப்பாள். எதிரே பஞ்சநதம் அவளைப் பார்ப்பார். தெருவே இருட்டிய பிறகு விளக்கு சட்டென்று எரியும். எரிந்த நேரத்தை வீட்டுக்குப் போய் தினசரிக் காலண்டர் தாளின் பின்னால் எழுதிவைப்பாள். 7.16. 7.17. மறுபடி 7.17. அப்புறம் 7.18. எட்டு நாளில் அது 7.21 வரை வந்திருந்தது.

தாள்களைப் பரப்பிப் பார்த்தவளுக்கு ஒன்று உறைத்தது. ஆள் போடுகிற விளக்கு என்றால் ஒருநாள் முன்னே, ஒருநாள் பின்னே என்று இருக்கும். இது ஒழுங்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே போகிறது. தை பிறந்தபின் பொழுது சாய்வதும் இப்படித்தான் நகரும். அப்படியென்றால் விளக்கு சூரியனைப் பார்த்துத்தான் எரிகிறது. ஆனால் நம் ஊர்ச் சூரியன் ஆறேகாலுக்கே போய்விடுகிறதே? இதற்குமேல் அவளுக்குப் புரியவில்லை. புரியாதது இன்னும் அரித்தது.

சாவியைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின மாலை, ஏழு மணி தாண்டியதும் பிரபுவுக்கு வீடியோ கால் போட்டாள். அவன் ஆபீஸ் முடிந்து கட்டடத்துக்கு வெளியே நின்றிருந்தான்.

"இங்க பாருங்க தம்பி, கும்மிருட்டு. லைட்டு எரியல. இதோ சுவிட்ச், ஆன்லதான் இருக்கு. டேப்பு மேல நீங்க கீறுன தேதி அப்படியே இருக்கு பாருங்க."

"பல்பு போயிருக்கும்க்கா. நாளைக்குப் பேசலாம்."

"வைக்காதீங்க. எரியுற வரைக்கும் நான் வைக்க மாட்டேன்."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவனை நிறுத்தியது. கனகா போனைப் பிடித்தபடி படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாள். போனுக்குள், அவன் தலைக்குப் பின்னால், கரட்டு மலைக்கு மேலே வானம் மஞ்சளாக இருந்தது. அவன் முகத்தில் இன்னும் பகல் வெளிச்சம்.

அப்போது வாசல் விளக்கு எரிந்தது. மணி 7.22.

"எரிஞ்சிடுச்சு! நான் தொட்டேனா? பார்த்தீங்கல்ல?"

பிரபு சுவிட்சையும் டேப்பையும் மறுபடி காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, இரண்டு மூன்று நிமிடம் கழித்து, போனுக்குள்ளிருந்து பாங்கு சத்தம் வந்தது. கனகாவின் கால்கள் நின்றன. அந்த மாதத்தில் முதன்முறையாக நின்றன. கீழத்தெருப் பள்ளிவாசலின் அந்திப் பாங்கைத் தினமும் கேட்டுத்தான் அவள் வாசலில் அகல் ஏற்றுவாள்.

"தம்பி, இது பொழுது சாயுற பாங்குதானே?"

"ஆமா, மஹ்ரிப். இங்க இப்பதான் பொழுது சாயுது."

"இங்க இந்தப் பாங்கு சொல்லி ஒரு மணி நேரம் ஆச்சு. நம்ம வீட்டு லைட்டு உங்க ஊர்ப் பொழுதுக்குல்ல எரியுது! உங்க போன்ல இப்ப மணி என்ன காட்டுது?"

பிரபு ஆப்பைத் திறந்தான். விளக்கு எரிந்தது மாலை 5.52 என்று இருந்தது. அது மஸ்கட் மணி. இந்தியாவில் அதுவே 7.22. ஒன்றரை மணி வித்தியாசம் அவனுக்குத் தெரியாததா? தன் ஜன்னலுக்கு வெளியே இருட்டும் நேரமும் பதிவில் இருந்த நேரமும் ஒன்றாக இருந்ததால் சந்தேகமே வரவில்லை. ஆப்பின் செட்டிங்ஸுக்குள் போய் வீட்டின் இடத்தைப் பார்த்தான். மஸ்கட்டில் அவன் குடியிருக்கும் கட்டடத்தின் மேல் புள்ளி நின்றது. அங்கே போய்ப் புதுப் போன் வாங்கியபோது வீட்டின் இடம் எது என்று ஆப் கேட்டது, இப்போதைய இடம் என்பதை அவன்தான் தொட்டிருந்தான். அன்றிலிருந்து டெல்டாவில் இருந்த வீடு மஸ்கட்டின் உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

புள்ளியை நகர்த்தி, ஊர் இருக்கும் குடமுருட்டி ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தான். கனகாவுக்கு முன்னால் இருந்த விளக்கு அப்படியேதான் எரிந்தது. நாளை மாலை ஆறு பதினேழு என்று ஆப் காட்டியது.

"மன்னிச்சிடுங்கக்கா. தப்பு என்னோடதுதான்."

"எங்கிட்ட மட்டும் சொன்னா போதாது" என்று கனகா தெருவைத் தாண்டிப் போய் பஞ்சநதத்தின் முகத்துக்கு நேராகப் போனை நீட்டினாள். "இவருகிட்டயும் சொல்லுங்க."

பிரபு சொன்னான். பஞ்சநதம் தொண்டையைச் செருமினார். "சரி சரி, போகட்டும் விடு."

"போகாதுங்க ஐயா. கடைத்தெருவுல சொன்னது நீங்க. நாளைக்கு அங்கயே போய் இதையும் சொல்லிட்டு வாங்க."

பெரியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டினார்.

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா" என்றான் பிரபு, போனுக்குள்ளிருந்து.

கனகா இடுப்பில் இருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கண் கலங்கியது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

"இருக்கட்டும். ஆனா ஒண்ணு தம்பி. இனிமே லைட்டு எரியலன்னா, மொதல்ல நீங்க எங்க இருக்கீங்கன்னு பாருங்க. நான் எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்."