மகிழ்ச்சியாரின் முதல் பத்தி

அந்த ஆஸ்பத்திரியின் கடிதப் பிரிவு மேலாளருக்கு எல்லாரும் வைத்திருந்த பெயர் மகிழ்ச்சியார். தண்ணீர் வராது என்று அறிவிப்புப் போட்டாலும் 'தெரிவித்துக்கொள்வதில் மகிழ்ச்சியடைகிறோம்' என்றுதான் ஆரம்பிப்பார். லிஃப்ட் பழுதான அன்றும் மகிழ்ந்தார். அவருக்குக் கீழே புதிதாகச் சேர்ந்த பெண், அவள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், அவர் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவாள்.

ஒருநாள் அந்தச் சிரிப்பு நின்றது. அவளுடைய சித்தப்பா பஸ் டிரைவர். வலது விலாவுக்குக் கீழே வலி. வயிற்று ஸ்கேனுக்கு வரச்சொல்லிக் கடிதம் போயிருந்தது. மனுஷன் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தார். பித்தப்பை சுருங்கிப்போய் ஒன்றும் தெரியவில்லை. வேறு தேதி வாங்கிக்கொள்ளச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"சாப்பிடக்கூடாதுன்னு லெட்டர்ல இருந்துச்சே சித்தப்பா!"

"எங்கம்மா இருந்துச்சு? திறப்பு விழாவுக்குக் கூப்பிடுறாங்கன்னுல்ல நெனச்சேன். இனிமே ஒரு நாள் லீவுதான் தருவாங்க. அதுவும் வீணாப்போனா வலியோடதான் வண்டி ஓட்டணும்."

அவள் கடிதத்தை எடுத்துப் பார்த்தாள். முதல் பத்தி மகிழ்ச்சி. இரண்டாவது, ஆஸ்பத்திரியின் வளர்ச்சி. மூன்றாவது, புது இயந்திரத்தின் பெருமை. நான்காவதன் வாலில்தான் தேதியும் 'உணவு தவிர்க்கப்பட வேண்டும்' என்பதும் ஒளிந்திருந்தன. அன்றே வேறொரு கடிதம் எழுதினாள். தலையில், பெரிய தடித்த எழுத்தில், ஒரே வரி: 'சாப்பிடாமல் வாருங்கள்.' தேதியும் மற்றதும் அதற்குக் கீழே. எழுதிவிட்டுக் கொஞ்சம் தள்ளிவைத்து அழகு பார்த்தாள்.

மகிழ்ச்சியார் அதைப் பார்த்து முகம் சுளித்தார். "என்னம்மா இது, கல்யாண வீட்டு வாசல்ல நின்னு விரட்டுற மாதிரி? ஒரு மரியாதை வேண்டாமா?"

"படிக்கிறவங்களுக்குப் புரியணும் சார்."

"நாங்கல்லாம் புரியாமத்தான் இத்தனை வருஷம் எழுதினோமா?"

ஆமாம் என்பது அவள் நாக்கு நுனி வரை வந்தது.

ஸ்கேன் பிரிவுத் தலைமை நர்ஸ் இரண்டு கடிதங்களையும் பிடுங்கினார். "உங்க ரெண்டு பேரு சண்டையில என் ஸ்கேன் டேபிள் காலியாக் கிடக்குது. படிக்கப் போறவங்களையே கேப்போம்."

இரண்டையும் ஒரே மாதிரித் தாளில், எழுதியவர் பெயர் இல்லாமல் அச்சடிக்கச் சொன்னார். காத்திருப்போர் கூடத்தில் சிலருக்கு முதலில் இது, சிலருக்கு முதலில் அது. வீட்டில் படிப்பதுபோலப் படித்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும். பிறகு மூன்று கேள்வி: எதற்கு, எப்போது, அதற்கு முன் என்ன செய்ய வேண்டும்? பதில்களை இரண்டு கடிதங்களின் ஓரத்திலும் நர்ஸ் குறித்துக்கொண்டே போனார்.

மகிழ்ச்சியாரின் கடிதத்துக்கு வந்த பதில்கள் அவள் எதிர்பார்த்தவைதான். "புது மெஷின் வாங்கிருக்காங்களாம்," என்றார் ஒருவர். "நன்கொடை கேக்குறாங்களா?" என்றாள் ஓர் அம்மாள். மகிழ்ச்சியார் கூரையைப் பார்த்தார். அவள் மனத்துக்குள் கைதட்டிக்கொண்டாள்.

புதுத் தேதி வாங்க வந்து வரிசையில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவிடம் அவளுடைய கடிதம் போனது. யார் எழுதியது என்று அவருக்குத் தெரியாது. தலைப்பு வரியைப் படித்தார். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"எப்போ வரணும்?" என்றார் நர்ஸ்.

"அது தெரியலையே. சாப்பிடாம வரணும். இன்னிக்கேவா? காலையில இட்லி தின்னுட்டேனே!"

கூடம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் படித்த இருவரும் அந்த வரியோடு நிறுத்தினார்கள். அத்தனை பெரிய எழுத்தில் ஒரு வரி இருந்தால் அதோடு செய்தி முடிந்தது என்றுதானே எவரும் நினைப்பார்? தேதி கீழே அனாதையாகக் கிடந்தது.

நர்ஸ் இரண்டு தாள்களையும் மேசையில் அடுத்தடுத்து வைத்தார். "இவரு கடைசிவரைக்கும் சொல்ல மாட்டாரு. நீ சொல்லிட்டு ஓடிப்போற. ரெண்டும் ஒண்ணுதான்."

அவளுக்குச் சுருக்கென்றது. மகிழ்ச்சியார் தன் மரியாதையைக் காட்ட எழுதினார். நான் எதைக் காட்ட எழுதினேன்? அவரைவிட எனக்குத் தெரியும் என்பதையா?

மூன்றாவது கடிதம் பிறந்தது. முதல் வரியில் ஸ்கேன், நாள், நேரம். இரண்டாவதில், முந்தைய இரவு பத்து மணிக்குப் பிறகு எதுவும் சாப்பிடக் கூடாது. மூன்றாவதில் அதற்குக் காரணம். நான்காவதில், தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அழைத்துக் கேட்க வேண்டிய தொலைபேசி எண். எல்லாம் ஒரே அளவு எழுத்து. மகிழ்ச்சியார் விடவில்லை, அதற்குக் கீழே தன் பத்தியை ஒட்டவைத்தார். நர்ஸ் பார்த்துவிட்டு, "கீழேதானே? போகட்டும்," என்றார்.

புதுத் தேதியில் சித்தப்பா பசியோடும் எரிச்சலோடும் வந்து உட்கார்ந்தார்.

"நாலு வரி படிச்சேம்மா. அதுக்குக் கீழ யாரோ ரொம்ப சந்தோஷப்பட்டிருக்காங்க. அதையும் படிச்சிருக்கணுமா?"

"வேணாம் சித்தப்பா."

"முன்னாடி ஒரு லூசு பெரிய எழுத்துல எழுதியிருந்துச்சே, அதுக்கு இது தேவலை."

உள்ளே கூப்பிட்டார்கள். பித்தப்பை இந்த முறை தெளிவாகத் தெரிந்தது. அதற்குள் இருந்த கல்லும்.

அவள் மேசைக்குத் திரும்பி இழுப்பறையிலிருந்து தன் பழைய தாளை எடுத்துப் பார்த்தாள். அந்த ஒற்றை வரி இன்னும் அழகாகத்தான் இருந்தது. எரிச்சலோடு கிழித்துக் கூடையில் போட்டாள்.