மூலைப் புள்ளியில் வைத்த பிழை

திண்டிவனத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் விரிவுரையாளராக இருந்தபோது நடந்தது. ஒரு வருடம் உழைத்துத் தயாரித்த என் வெப்ப மாற்றப் பாடக்குறிப்பைத் துறையின் மூத்த ஆசிரியர் தன் பெயரில் அச்சடித்துக்கொண்டார். கேட்டபோது, "டிபார்ட்மென்ட் புக்குதானம்மா, யார் பேரு இருந்தா என்ன?" என்று சிரித்தார்.

அடுத்த ஆண்டு, ரைஸ்மில்லின் சதுரப் புகைபோக்கிச் சுவரில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று கணக்கிட நானே ஒரு புரோகிராம் எழுதினேன். சுவரின் குறுக்குவெட்டைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் வரும் வெப்பமும் போகும் வெப்பமும் சமம் என்று எழுத வேண்டும். சதுரத்தைச் சமமாகப் பிரிக்கும் சமச்சீர்க் கோட்டில் வெப்பம் குறுக்கே போகாது. அது காப்பிட்ட ஓரம் மாதிரி. அங்கே உட்பக்கப் புள்ளியை இரண்டு முறை சேர்க்க வேண்டும். வெளிமூலையில் இருப்பதோ கால் கட்டம். இரண்டு பக்கமும் காற்று படுவது பாதி நீளத்தில்தான்.

"புரோகிராம் இருக்குற ஃப்ளாப்பிய கொஞ்சம் குடும்மா, பாத்துட்டு தர்றேன்" என்றார் அதே மூத்த ஆசிரியர்.

எதற்கென்று தெரிந்தது. வீட்டில் உட்கார்ந்து மூலைச் சமன்பாட்டில் காற்றுக்கான இரண்டு பாதி நீளங்களையும் முழு நீளமாக மாற்றினேன். வேறெதையும் தொடவில்லை. மறுநாள் கொடுத்தேன்.

விழுப்புரத்தில் ஒரு கருத்தரங்கு. அவர் பெயரில், என் புரோகிராம். ஓரப் புள்ளியை அழகாக விளக்கினார். "மூலையெல்லாம் நல்லா கூலா இருக்குது பாருங்க" என்று பெருமையாகச் சொன்னார்.

எழுந்தேன். "சார், மூலைக் கட்டத்த போர்டுல வரைஞ்சு காட்டுறீங்களா?"

வரைந்தார். கால் கட்டம்.

"காத்து படற நீளம் எவ்ளோ சார்?"

"ரெண்டு பக்கமும் பாதி."

"உங்க சமன்பாட்டுல முழுசா இருக்குதே?"

சாக்பீஸ் பலகையிலேயே நின்றது. சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, "மூலையில காத்துக்குப் போற வெப்பத்த ரெண்டு மடங்கா போட்டுக்கினு, கூலா இருக்குதுன்னா எப்படிங்க?" என்றார். அரங்கு சிரித்தது. மூத்த ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பவில்லை. திரும்பும் பஸ்ஸில் எனக்குப் பசிகூட இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

மறுவாரம்தான் தெரிந்தது, அதே சமன்பாட்டை அவர் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கும் நடத்தியிருந்தார். அவர்களிடம் போய்த் திருத்தினேன். முன்வரிசையில் ஒரு மாணவி, "சார் எப்படி மேடம் இத தப்பா போட்டாரு?" என்று கேட்டாள். "அவரையே கேளும்மா" என்றேன்.

அந்தப் பருவம் முடிந்ததும் அவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். பாடக்குறிப்பு அவர் பெயரிலேயே இருக்கிறது. அந்த மாணவியிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.