அக்காவின் புத்தகத்தில் விழுந்த சந்துகள்

அக்கா தாதியாக இருந்த காலத்தைப் பற்றி எழுதி முடித்தபோது அவளுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. புத்தகத்தை வடிவமைப்பவள் நான். முப்பது வருஷமாக ஊரார் புத்தகங்களுக்கெல்லாம் பக்கம் கட்டியவள், கூடப் பிறந்தவளுக்குக் கட்ட மாட்டேனா? ஜொகூர் பாருவில் என் வீட்டிலிருந்து முதல் பிடிஎஃப்பை, இரண்டு மணி நேரத் தொலைவில் குளுவாங்கில் இருந்த அவளுடைய டேப்லெட்டுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலையிலேயே போன் வந்தது.

"என்னடி இது, வார்த்தைக்கு நடுவுல லாரியே போலாம் போல இருக்கு! இவ்ளோ சந்து!"

அவளுக்குப் பார்வை மங்கியதால் எழுத்தைப் பெரிதாக்கியிருந்தேன். சிறிய பக்கத்தில் வரிக்கு நாலு சொல்தான் கொள்ளும். இரண்டு ஓரமும் நேராக இருக்கவேண்டுமென்றால், மிச்ச இடம் முழுவதையும் அந்த நாலு சொல்லுக்கு நடுவே இருக்கும் மூன்று இடைவெளிகள்தான் பங்குபோட்டுக்கொள்ளும். அடுத்து வருவது நீளமான சொல்லாக இருந்தால் அது அப்படியே கீழே குதித்துவிடும், மேல்வரி பல் போன வாயாகிவிடும்.

"ஒரு ஓரம் நேரா இருந்தா போதும்லா. வலது பக்கம் எப்படியோ போகட்டும்" என்றாள் அக்கா.

அவள் சொன்னதுதான் சரி. இடது ஓரத்தை மட்டும் நேராக்கி அனுப்பியிருந்தால் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் என் திமிர் விடுமா? "புத்தகம்னா ரெண்டு ஓரமும் நேரா இருக்கணும்க்கா" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் ஒரு கேவலமான காரியம் செய்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்: எந்த வரி இடறுகிறதோ, அதில் ஒரு சொல்லைச் சின்னதாக மாற்றிவிடுவது. அம்மா இறந்த நாளைப் பற்றிய பத்தியில், 'தங்கை வருவாளென்று எதிர்பார்த்துக்கொண்டேயிருந்தோம்' என்று அக்கா எழுதியிருந்தாள். அந்த நீளச் சொல் எந்த வரியிலும் அடங்கவில்லை. 'காத்திருந்தோம்' என்று போட்டேன். பத்தி அழகாக உட்கார்ந்துவிட்டது.

திருத்திய பக்கங்களை அனுப்பியதுமே அக்கா கண்டுபிடித்துவிட்டாள்.

"அது நான் எழுதுனது இல்ல. நீ வருவ வருவன்னு அம்மா கதவையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. காத்திருந்தோம்னு முடிச்சிட்டா எப்படி?"

அம்மா இறந்த அன்று நான் சிங்கப்பூரில் ஓர் அச்சகத்தில் இருந்தேன். கையில் இருந்த வேலையை முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்துவிட்டு, எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டி, எல்லாம் முடிந்தபிறகு போய்ச் சேர்ந்தேன். அக்கா அதைப் பற்றி ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை.

"மாத்திடுறேன்க்கா."

"மாத்துறது இருக்கட்டும். கண்ணு தெரிய மாட்டேங்குது. நீ வந்து பக்கத்துல உக்காந்து படிச்சுக் காட்டு."

"ரெண்டு நாள்ல வரேன். எல்லாப் பக்கத்தையும் சரி பண்ணிக் கையோட கொண்டாறேன்."

அந்த இரண்டு நாளும் கம்ப்யூட்டரை விட்டு எழவில்லை. பத்திகளின் மொழி ஆங்கிலம் என்று பதிவாகியிருந்தது, அதனால்தான் தமிழ்ச் சொல்லை வரிக் கடைசியில் எங்கே முறிப்பது என்று மென்பொருளுக்குத் தெரியவில்லை. தமிழ் என்று மாற்றினேன். வரி வரியாகப் பார்க்காமல் பத்தி முழுவதையும் பார்த்து முறிக்கும் அமைப்புக்குப் போனேன். இடைவெளி இவ்வளவுக்கு மேல் விரியக்கூடாது என்று எல்லை வைத்தேன். எழுத்துகளை மட்டும் அகட்டவில்லை, கொம்பும் காலும் தனியே நின்றால் பார்க்கச் சகிக்காது. அப்படியும் அடங்காத சொற்களுக்குள், கண்ணுக்குத் தெரியாத முறிப்பிடங்களைக் கையாலேயே வைத்தேன், புள்ளி எழுத்து எதுவும் வரியின் தொடக்கத்தில் வந்து நிற்காதபடி. சந்துகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. பாவி, சந்தோஷமாக இருந்தேன்.

நடுவில் அக்கா மகள் கூப்பிட்டாள். "சின்னம்மா, அம்மா உங்களைக் கேக்குறாங்க."

"இன்னும் பதினோரு பக்கம்தான்மா. காலையில கிளம்பிடுறேன்" என்றேன்.

காலையில் கார் சாவியை எடுக்கும்போது மறுபடியும் போன் அடித்தது. எடுத்தேன். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள்.

குளுவாங் போய்ச் சேர்ந்தபோது அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அலமாரி மேல் அந்த டேப்லெட் இருந்தது. மகளிடம், "கடைசியா ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல சின்னம்மா. கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னாங்க, வாசல் தெரியிற மாதிரி."

கருமாதிக்கு வந்தவர்களுக்குப் புத்தகத்தைக் கொடுத்தோம். ஓரங்கள் நேராக இருக்கின்றன என்று நாலு பேர் பாராட்டினார்கள். அம்மா இறந்த பத்தியை நான் மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அக்காவின் சொல்லைத் திருப்பி வைத்திருந்தேன். ஒரு வரியின் முடிவில் 'எதிர்பார்த்துக்', அடுத்த வரியின் தொடக்கத்தில் 'கொண்டேயிருந்தோம்'. எங்கும் சந்து இல்லை.