பின்னால் வந்த காய்ச்சல் பதிவுகள்

பெரம்பலூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கணினிப் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் எங்கள் செவிலியர்கள் ஊர் ஊராகப் போய்க் காய்ச்சல்காரர்களைப் பார்த்து டேப்லெட்டில் பதிவார்கள். காலை ஆறு மணிக்கு என் நிரல் அந்தப் பதிவுகளை எடுத்து, எந்த ஊரில் எந்தத் தேதியில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று வரைபடம் போட்டு வைக்கும். எட்டு மணிக்கு டாக்டர் மேடம் அதைப் பார்த்து, கொசுப்புழு ஒழிக்கும் குழுவை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வார்.

நிரல் தினமும் எல்லாப் பதிவுகளையும் படிக்காது. கடைசி மூன்று நாட்களின் எண்ணிக்கையை மட்டும் அழித்துவிட்டு மறுபடி எண்ணும். அதற்கு முந்தைய நாட்கள் எண்ணியது எண்ணியதுதான். மூன்று என்று வைத்தவன் நான். ஏன் மூன்று என்று யாரும் கேட்கவில்லை. குத்துமதிப்பாக வைத்ததுதான்.

ஒரு மழைக்காலத்துத் திங்கட்கிழமை, வேப்பந்தட்டைப் பக்கத்து மலையடிவார ஊர்களைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர் அக்கா பஸ் ஏறி நேராக ஆபீசுக்கு வந்துவிட்டார்.

"தம்பி, எங்க பக்கம் மருந்தடிக்கிற ஆளுங்க வந்து ரெண்டு வாரமாச்சு. கேட்டா உங்க ஊர்லதான் காய்ச்சலே இல்லையேங்கறாங்க. நான் எழுதுனதெல்லாம் எங்க போச்சு?"

திரையில் அவருடைய ஊர்களுக்கு நேரே ஒன்றுமே இல்லை. "ஏத்த மறந்துட்டீங்களாக்கா?" என்றேன்.

அக்காவின் முகம் மாறிவிட்டது. பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "திங்கள், செவ்வாய், புதன் அங்க போவேன். அங்க டவர் எடுக்காது. சனிக்கிழமை டவுனுக்கு வர்றப்ப மொத்தமா ஏத்திருவேன். பாருங்க, ஏறிடுச்சுன்னு எல்லாத்துலயும் பச்சை டிக் இருக்கு. பதினோரு வயசுப் பொண்ணு ஒண்ணு திருச்சி ஆஸ்பத்திரில கெடக்கு, தம்பி."

டேப்லெட்டுகளிலிருந்து பதிவுகள் வந்து சேரும் மூலப் பதிவேட்டில் தேடினேன். அத்தனையும் இருந்தன. புதன்கிழமைப் பதிவு சனிக்கிழமை வந்து சேர்கிறது. ஞாயிறு காலை என் நிரல் வியாழன், வெள்ளி, சனி மூன்றை மட்டும் திரும்ப எண்ணுகிறது. வாரா வாரம் அக்காவின் புதன்கிழமைப் பதிவுகள்கூட ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் வெளியே நின்றிருக்கின்றன. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கடைசி அறுபது நாட்களையும் மறுபடி எண்ணவிட்டேன். மதியத்துக்குள் மலையடிவாரக் கோடு எல்லா ஊர்களுக்கும் மேலே ஏறி நின்றது. அன்றைக்கே குழு கிளம்பியது. அந்தப் பெண் பத்து நாளில் வீடு திரும்பினாள் என்று பிறகு தெரிந்தது.

மாலையில் டாக்டர் மேடம் கூப்பிட்டார். "இனிமே எத்தனை நாள் பின்னாடி போய்ப் பாக்கப்போறீங்க?"

"முப்பது நாள் வச்சிரலாம் மேடம்."

"ஏன் முப்பது?"

அதுவும் குத்துமதிப்புதான். அதோடு, மூலப் பதிவேடு இருக்கும் கணினி மெதுவானது. முப்பது நாள் எடுத்தால் எட்டு மணிக்குப் படம் தயாராகாது.

அதனால் அளந்து பார்த்தேன். நோயாளியைப் பார்த்த தேதிக்கும் பதிவு வந்து சேர்ந்த தேதிக்கும் எத்தனை நாள் இடைவெளி? பெரும்பாலானவை மறுநாளே வந்திருந்தன. மலையடிவாரத்துப் பதிவுகளுக்கு ஐந்து நாள் வரை. டேப்லெட் பழுதான இடங்களில் பத்து வரை. இதைவிடச் சிக்கல், திருத்தங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும், 'சாதாரணக் காய்ச்சல்' என்ற பதிவை 'டெங்கு' என்று மாற்றுவார்கள். எப்போது மாற்றினார்கள் என்ற தடயம் பதிவேட்டில் இருக்காது. மூன்று வாரம் தினமும் ஒரு நகல் எடுத்துவைத்து, முந்தைய நாள் நகலோடு ஒப்பிட்டேன். ஏறக்குறைய எல்லா மாற்றங்களும் பன்னிரண்டு நாளுக்குள் முடிந்தன. ஒன்றிரண்டு மட்டும் இருபது நாள் கழித்தும் மாறின.

தினமும் பதினான்கு நாள், யாரும் படத்துக்காகக் காத்திருக்காத ஞாயிற்றுக்கிழமைகளில் அறுபது நாள் என்று முடிவாயிற்று. அதையும் தாண்டி ஏதாவது மாறுகிறதா என்று பார்க்க, மாதம் ஒருமுறை மூலத்தின் மொத்தத்தையும் எங்கள் மொத்தத்தையும் ஒப்பிடுவது. இன்னும் மாறக்கூடிய கடைசிப் பதினான்கு நாட்களைப் படத்தில் சாம்பல் நிறமாக்கச் சொன்னார் மேடம்.

அடுத்த வாரமே அரியலூர் செவிலியர் குழுத்தலைவர் போனில் சத்தம் போட்டார். "நேத்து பத்துன்னீங்க, இன்னைக்கு எட்டுங்கறீங்க. எதை நம்புறது சார்?"

ஒரே ஆளை இரண்டு தடவை பதிந்த பதிவுகளை அவருடைய செவிலியர்களே அழித்திருந்தார்கள். அதைச் சொன்னேன். பழைய எண்ணே இருக்கட்டுமே என்றார். மூலத்துல எட்டுதான் இருக்கு, முடியாதுங்க என்றேன். கோபத்தோடுதான் போனை வைத்தார்.