வெளிச்சம் விழுந்த நாற்காலி

வீடியோ காலில் என் முகத்தை நானே பார்த்துக்கொண்டு பேச எனக்கு வராது. பார்த்தால் வார்த்தை நின்றுவிடும், மூக்கு ஏன் இப்படி இருக்கிறது என்று யோசனை ஓடும். அதனால் என் திரையில் என் கட்டத்தை மறைத்து வைத்துவிடுவேன். மற்றவர்களுக்கு நான் தெரிவேன், எனக்கு மட்டும் தெரிய மாட்டேன். நான் எப்படித் தெரிகிறேன் என்று சொல்ல ஓர் ஆள் இருந்தாள். அந்தத் தைரியம்தான்.

அவளும் நானும் ஒரே கம்பெனி, ஒரே டீம். அவளுக்குக் கீழ்பென்னாத்தூர், எனக்கு அடி அண்ணாமலை. இரண்டு ஊரிலும் நெட் இழுத்துக்கொண்டு கிடந்ததால் வேங்கிக்காலில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்தோம். அறைக்கு ஒரே ஜன்னல், கிழக்குப் பக்கம். காலை வெயில் நேராக அடித்ததால் அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினேன். கடுமை போய், வெளிச்சம் பால் மாதிரி பரவியது.

அவள் மேசையை ஜன்னலைப் பார்க்கத் திருப்பிப் போட்டதும் நான்தான். லேப்டாப்புக்கு அடியில் பழைய பாடப்புத்தகங்களை அடுக்கி, கேமரா அவள் கண்ணுக்கு நேராக வரும்வரை உயர்த்தினேன். பின்னால் வெறும் சுவர். முதுகு சுவரில் ஒட்டாமல் இருக்க நாற்காலியை இரண்டடி முன்னால் இழுத்தேன். டிவியில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி இருந்தாள். வாரம் ஒருத்தி அந்த இடத்தில் உட்காருவது என்று பேச்சு.

இரண்டாவது வாரமே சொன்னாள். "நீ எதிர்ல உக்காந்தாலும் நல்லாத்தான்டி தெரியுற. வேட்டி இருக்கறதால பின்னாடி வெளிச்சம் ஜாஸ்தியா தெரியல. எதுக்கு எல்லாத்தையும் மாத்திக்கிட்டு?"

ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரக் கூடாது என்று எனக்குத் தெரியாமலா? தெரியும். ஆனால் தினமும் என்னைத் திரையில் பார்க்கிறவள் சொல்கிறாள். நம்பினேன். ஒவ்வொரு மீட்டிங்குக்கும் முன்னால் தனிச்செய்தியில் "எப்படி இருக்கேன்?" என்று கேட்பேன். உயர்த்திய கட்டைவிரல் ஒன்று வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

கிளையண்டோடு மாதாமாதம் நடக்கும் வீடியோ மீட்டிங்கை எங்களில் யார் நடத்துவது என்ற பேச்சு அப்போது ஓடிக்கொண்டிருந்தது. நடத்துகிறவள்தான் அடுத்த டீம் லீட். மூன்று வருஷம் நான் அதற்காக உழைத்திருந்தேன். எனக்கு அது வேண்டும் என்று அவளிடமே வாய்விட்டுச் சொல்லியும் இருந்தேன்.

பௌர்ணமிக்கு நான் லீவ். அன்றைக்கு எங்கள் தெருவிலிருந்து வண்டியை வெளியே எடுக்க முடியாது, கிரிவலக் கூட்டம். மறுநாள் வேலை தெரிய வேண்டுமே என்று, சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து அன்றைய மீட்டிங் ரெக்கார்டிங்கைப் போட்டேன். கடைசியில் மேனேஜர் என் பெயரைச் சொன்னார்.

"வேலை நல்லா பண்றாங்க. ஆனா வீடியோல மூஞ்சியே தெரியல. கிளையண்ட் முன்னாடி எப்படி உக்கார வைக்கறது?"

அவள் பளிச்சென்று தெரிந்தாள். நான் அடுக்கிய புத்தகத்தின் மேல் இருந்த கேமராவை நேராகப் பார்த்து, "நானும் எத்தனையோ தடவ சொல்லிட்டேன் சார். கேக்க மாட்றாங்க," என்றாள்.

"சரி, அப்ப இந்த தடவ நீங்களே பண்ணிடுங்க," என்றார் அவர்.

ரெக்கார்டிங் ஓடுவது அவளுக்கு மறந்துபோயிருக்க வேண்டும்.

முந்தின வாரத்து ரெக்கார்டிங்கைத் தேடி எடுத்தேன். வேட்டி வெள்ளையாகத் தகதகக்கிறது. அதன் முன்னால் கறுப்பாய் ஒரு தலை. கேமரா கீழேயிருந்து பார்ப்பதால் தாடையும் மூக்குத் துவாரமும், தலைக்கு மேல் சுற்றும் ஃபேனும். கண் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இதற்குத்தான் அத்தனை கட்டைவிரல். லீட் வாய்ப்பு போனதுகூடப் பெரிதில்லை, தினமும் என்னைக் கேட்க வைத்திருக்கிறாளே.

மறுநாள் எப்போதும்போல் போனேன். அவள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "கூட்டம் எப்படிடி?" என்று கேட்டாள். "ஜாஸ்திதான்," என்றேன். என் இடத்தில் உட்கார்ந்து மீட்டிங்கில் சேர்ந்தேன். தனிச்செய்தியைத் திறந்து, எப்போதும் கேட்பதையே கேட்டேன்.

எப்படி இருக்கேன்?

அவள் முகத்தில் வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது. கண் தன்னுடைய கட்டத்தை விட்டு நகரவில்லை. முடியை ஒதுக்கிக்கொண்டே ஒரு விரலால் தட்டினாள். என் திரையில் கட்டைவிரல் வந்து நின்றது.

நான் கேமராவை இன்னும் போடவே இல்லை.